ஒன்பது சதவீதம் எந்தத் தொகைக்கு?

கேள்வி: மதுரை புறநகரில் 1,200 சதுர அடி மனையில் உள்ள, 12 ஆண்டுப் பழைய 900 சதுர அடி தனி வீட்டை 46 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறோம். இதுதான் எங்கள் முதல் வீடு. வங்கி 80 சதவீதம் கடன் தருகிறது. கையில் 13 லட்சம் இருக்கிறது. பத்திரச் செலவு 9 சதவீதம் என்கிறார் பத்திர எழுத்தர், 11 என்கிறார் மாமா, அடுக்குமாடி வாங்கிய நண்பரோ 6 தான் கட்டினார். தெருவின் வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 2,100 தான், கட்டடத்துக்கு 9.80 லட்சம் சேர்த்தாலும் 35 லட்சம்தான் வருகிறது, அந்தத் தொகைக்கே பத்திரம் போட்டுவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்கிறார் தரகர். மனைவி பெயரில் வாங்கினால் குறையுமா? யார் சொல்வதை நம்புவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

சதவீதத்தைப் பொறுத்தவரை உங்கள் பத்திர எழுத்தர் சொல்வதே சரி. மாமா சொன்னதும் நண்பர் சொன்னதும் பொய்யல்ல. ஒன்று பழைய காலத்துக்கும் மற்றொன்று வேறு வகைச் சொத்துக்கும் உரியது. ஆனால் உங்கள் விஷயத்தில் பெரிய பணம் சதவீதத்தில் இல்லை. அந்தச் சதவீதத்தை எந்தத் தொகையின் மேல் கணக்கிடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. தரகரின் யோசனையும் அந்த இடத்தில்தான் கை வைக்கிறது என்பதால், முதலில் சதவீதத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இந்த ஏழில் ஐந்து சதவீதம் முத்திரைத் தீர்வை; மீதி இரண்டு, உள்ளாட்சி அமைப்புகளுக்காக வசூலிக்கப்படும் சொத்து மாற்றத் தீர்வை. பதிவுக் கட்டணமும் இரண்டு, மாற்றத் தீர்வையும் இரண்டு என்பதால் ஒன்றை மற்றொன்றாக நினைத்துக் குழம்புபவர்கள் உண்டு. முத்திரைத் தீர்வை 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின்படி அரசுக்குச் செலுத்தும் வரி. பதிவுக் கட்டணம் 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின்படி ஆவணத்தைப் பதிவு செய்து பாதுகாப்பதற்கான கட்டணம். இரண்டையும் ஒரே நாளில் ஒரே இணையதளத்தில் செலுத்தினாலும் அவற்றின் சட்டமும் நோக்கமும் வேறு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் சில விஷயங்கள் எளிதாகப் புரியும்.

2017-இல் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்கு சதவீதமாக உயர்த்தியது. அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் 7-ம் 4-ம் சேர்த்து 11 கட்டினார்கள். உங்கள் மாமாவின் கணக்கு அதுதான். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நண்பர் கட்டிய ஆறு, கட்டுநரிடமிருந்து முதன்முதலாக வாங்கப்படும் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு உரியது. 2023 டிசம்பர் முதல் அத்தகைய வீடுகளுக்கு நிலத்தின் பிரிபடாத பாகத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பாகக் கொண்டு பத்திரம் பதிவாகிறது. அந்த மதிப்பு 50 லட்சம் வரை இருந்தால் முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், அதற்கும் மேல் வழக்கமான 7 சதவீதம். பதிவுக் கட்டணம் மூன்றுக்கும் 2 சதவீதமே. நீங்கள் வாங்குவது தனி வீடு, அதுவும் மறுவிற்பனை. ஆகவே இந்தச் சலுகைக்குள் நீங்கள் வரமாட்டீர்கள். மனைவி பெயரில் வாங்கினால் கிடைக்கும் சலுகை 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும். ஆனால் அது 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்கு மட்டுமே. உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. மனைவி பெயரிலோ இருவர் பெயரிலோ வாங்குவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம், பத்திரச் செலவு அவற்றில் ஒன்றல்ல.

இனி அடிப்படைத் தொகை. சட்டம் தீர்வை கேட்பது சொத்தின் சந்தை மதிப்பின் மேல். வழிகாட்டி மதிப்பு என்பது, சந்தை மதிப்பை விடக் குறைத்து யாரும் பத்திரம் எழுதாமல் இருக்கிறார்களா என்று சார்பதிவாளர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தெரு வாரியாகவும் புல எண் வாரியாகவும் அரசு நிர்ணயித்து வைத்திருக்கும் அளவுகோல். நடைமுறையில் இது ஒரு எளிய விதியாகிவிட்டது: நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை, வழிகாட்டி மதிப்புப்படி வரும் தொகை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன் மேல் தீர்வையும் கட்டணமும். வழிகாட்டி மதிப்பு ஒரு தரைமட்டம்; அதற்குக் கீழே இறங்கினால் கேள்வி வரும். விலை அதற்கு மேலே இருந்தால் அந்த விலையையே எழுத வேண்டும். "வழிகாட்டி மதிப்புக்கு எழுதினால் போதும்" என்று ஊரில் சொல்லப்படுவது, இந்த விதியின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடும் பேச்சு.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். மனை 1,200 சதுர அடி, சதுர அடிக்கு 2,100 வீதம் 25,20,000 ரூபாய். கட்டடத்துக்கு 9,80,000. கூட்டினால் சரியாக 35,00,000. பேசிய விலை 46,00,000. இரண்டில் அதிகமானது விலை என்பதால், 46 லட்சத்துக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை 3,22,000 ரூபாய். 2 சதவீதம் பதிவுக் கட்டணம் 92,000 ரூபாய். மொத்தம் 4,14,000 ரூபாய். நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டிய தொகை இதுதான். கணினிக் கட்டணம் போன்ற சில்லறைகள் தனி, அவை பெரிதாக இருக்காது. பத்திர எழுத்தரின் கூலி பேசி முடிவு செய்வது. அதை இந்த 9 சதவீதத்தோடு கலந்து ஒரே மொத்தமாகச் சொல்ல விடாதீர்கள். அரசுக்குச் செல்வது எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று அவர் தனித்தனியே எழுதித் தர வேண்டும்.

இந்தக் கணக்கில் நீங்கள் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டிய எண் அந்த 2,100. யாரோ சொன்னதாக வைத்துக்கொள்ளாமல், பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் வழிகாட்டி மதிப்பு என்ற பகுதிக்குள் சென்று, மண்டலம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், தெரு என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். புல எண்ணைக் கொடுத்தும் தேடலாம். இரண்டு வழியிலும் தேடிப் பார்ப்பது நல்லது. மதிப்பு சதுர அடிக்கும் சதுர மீட்டருக்கும் தனித்தனியே காட்டப்படும் என்பதால் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. ஒரு சதுர மீட்டர் கிட்டத்தட்ட 10.76 சதுர அடி. சதுர மீட்டருக்கான மதிப்பைச் சதுர அடிக்குரியதாக எடுத்துக்கொண்டு மிரண்டு போனவர்களை என் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன்.

கட்டடத்தின் மதிப்பு இந்தத் தளத்தில் தெருவைப் போல் நேராகக் கிடைக்காது. பொதுப்பணித்துறையின் கட்டட விலை விகிதத்தை அடிப்படையாகக் கொண்டு, தளம், கூரை வகை, பரப்பு ஆகியவற்றைப் பார்த்து, கட்டடத்தின் வயதுக்கான தேய்மானத்தைக் கழித்து அது கணக்கிடப்படுகிறது. ஆவணத்தோடு இணைக்கும் கட்டட விவரப் படிவத்தில் கட்டிய ஆண்டு, பரப்பு, மின் இணைப்பு, சுற்றுச்சுவர் ஆகியவற்றைச் சரியாக எழுத வேண்டும். பதிவுக்குப் பின் அலுவலகத்தார் இடத்துக்கு வந்து பார்க்கும்போது, படிவத்தில் எழுதியதை விட அதிகப் பரப்பு தென்பட்டால் குறைவுத் தீர்வை கேட்டு ஆவணம் நிறுத்தி வைக்கப்படும். உங்கள் விஷயத்தில் விலை 46 லட்சம், வழிகாட்டி கணக்கு 35 லட்சம் என்று 11 லட்சம் இடைவெளி இருப்பதால், கட்டட மதிப்பு ஒன்றிரண்டு லட்சம் கூடினாலும் நீங்கள் கட்டும் தொகை மாறாது. உண்மை விலையை எழுதுபவருக்குக் கிடைக்கும் நிம்மதிகளில் இதுவும் ஒன்று.

இனி தரகரின் யோசனைக்கு வருவோம். 35 லட்சத்துக்குப் பத்திரம் எழுதினால் தீர்வையும் கட்டணமும் 3,15,000 ரூபாய்; அதாவது 99,000 ரூபாய் மிச்சம் என்று தெரிகிறது. இந்த 99,000-க்காக நீங்கள் எதையெல்லாம் கொடுக்கிறீர்கள் என்பதை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, கடன். வங்கி பார்ப்பது பத்திரத்தில் எழுதியிருக்கும் விலையையும் தன் மதிப்பீட்டாளர் தரும் மதிப்பையும். இரண்டில் குறைந்ததன் மேல்தான் கடன் விகிதம் கணக்கிடப்படும். பத்திரச் செலவைப் பொதுவாகச் சொத்தின் விலையில் சேர்த்துக் கடன் விகிதம் கணக்கிட ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் கொடுப்பதில்லை. 10 லட்சத்துக்கு மேற்படாத வீடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே 46 லட்சத்துக்குப் பத்திரம் எழுதினால் 80 சதவீதமாக 36,80,000 கடன் வரும். உங்கள் பங்கு 9,20,000. அதோடு பத்திரச் செலவு 4,14,000. ஆக 13,34,000 ரூபாய் கையில் வேண்டும். 35 லட்சத்துக்கு எழுதினால் அதே விகிதத்தில் கடன் 28 லட்சம். விற்பவருக்குக் கொடுக்க வேண்டியது அப்போதும் 46 லட்சமே. மீதி 18 லட்சமும் பத்திரச் செலவு 3,15,000-மும் சேர்ந்து 21,15,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். ஒரு லட்சத்துக்கும் குறைவான மிச்சத்துக்காக 7,81,000 ரூபாய் கூடுதலாகத் தேட வேண்டியிருக்கும். உங்களிடம் இருப்பது 13 லட்சம். கணக்கு இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. தரகர் இதை உங்களிடம் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, பின்னாளில் நீங்கள் விற்கும்போது வரும் வரி. வீட்டை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து விற்றால், லாபத்தின் மேல் இன்றைய விகிதப்படி 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரி உண்டு. வாங்கிய விலையோடு, கட்டிய முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அடக்க விலையாகக் காட்டலாம். உண்மை விலையில் எழுதினால் உங்கள் அடக்க விலை 50,14,000. குறைத்து எழுதினால் 38,15,000. இடைவெளி 11,99,000, அதற்கு வரி கூடுதல் தீர்வைகள் நீங்கலாக ஏறக்குறைய 1,50,000 ரூபாய். இன்று மிச்சப்படுத்திய 99,000-ஐ அன்று ஒன்றரை லட்சமாகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். விற்ற பணத்தில் வேறொரு வீடு வாங்கி விலக்குப் பெறும் வழி இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அன்று உங்களுக்கு அந்தத் தேவை இருக்குமா என்று இன்று யாரும் சொல்ல முடியாது. அந்த 11 லட்சத்தைத் தன் கணக்கிலிருந்து மறைப்பதால் இன்று ஆதாய வரி குறைவது விற்பவருக்கு. அவருடைய வரி உங்கள் தலைக்கு மாறுகிறது. இந்த யோசனை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, ரொக்கம். அசையாச் சொத்து பரிவர்த்தனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பெற்றவருக்கு அந்தத் தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கப்படலாம். அபராதம் அவருக்குத்தானே என்று நீங்கள் விட்டுவிட முடியாது. பத்திரத்தில் இல்லாத 11 லட்சத்துக்கு உங்களிடம் ரசீதும் கிடையாது, வங்கிப் பதிவும் கிடையாது. நாளைக்கு விற்றவரின் உரிமையில் குறை இருந்து, வேறொரு வாரிசு வழக்குப் போட்டு வீடு கை நழுவும் நிலை வந்தால், நீங்கள் திரும்பக் கேட்கக்கூடிய விலை பத்திரத்தில் உள்ள 35 லட்சம்தான். மீதியைக் கொடுத்ததற்குச் சாட்சி தரகர் மட்டுமே.

நான்காவதாகச் சட்டம். முத்திரைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, தீர்வையைப் பாதிக்கும் எல்லா உண்மைகளையும் ஆவணத்தில் முழுமையாக எழுத வேண்டும் என்கிறது. அதை அறிந்தே மறைத்தால் 64-ஆம் பிரிவின் கீழ் தண்டனைக்குரிய குற்றம். பத்திரம் வழிகாட்டி மதிப்புக்குக் குறையாமல் இருப்பதால் பதிவு தடையின்றி நடந்துவிடும் என்பதாலேயே இது சட்டப்படி சரியாகிவிடுவதில்லை.

சிலருக்கு நிலைமை தலைகீழாக இருக்கும்: விலை குறைவு, வழிகாட்டி மதிப்பு அதிகம். உங்கள் வீட்டுக்கும் அது நேரக்கூடிய ஒரு வழி இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என்னிடம் எடுத்துவந்த பத்திர வரைவில் வீடு குறுக்குத் தெருவில் இருந்தது. ஆனால் சொத்து விவரத்தின் நான்கெல்லையில், பழைய மூல ஆவணத்தில் இருந்தபடியே "மெயின் ரோட்டுக்கு தெற்கு" என்று எழுதியிருந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் மனைப்பிரிவு இல்லாதபோது அது சரி. பிறகு இடையில் இரண்டு மனைகளும் ஒரு தெருவும் வந்துவிட்டன. அலுவலகத்தில் அந்த ஒரு வரியை வைத்து, வீடு பெரிய சாலையைப் பார்த்தது என்று எடுத்துக்கொண்டு சாலையின் மதிப்பைக் கேட்டார்கள். உங்கள் எண்களில் இதை நடத்திப் பார்த்தால், சாலையின் மதிப்பு 3,200 என்று வைத்துக்கொண்டால், மனை 38,40,000, கட்டடத்தோடு 48,20,000 ஆகிறது. இப்போது இதுதான் விலையை விட அதிகம். தீர்வையும் கட்டணமும் 4,33,800 ரூபாய், 19,800 கூடுதல். தவறு ஒரே ஒரு எல்லை வரியில்.

ஆகவே பத்திரம் எழுதும்போது நான்கெல்லையைப் பழைய ஆவணத்திலிருந்து அப்படியே நகல் எடுக்க விடாமல், இடத்தில் நின்று வடக்கில் யார் மனை, கிழக்கில் எந்தத் தெரு, அதன் அகலம் எவ்வளவு என்று இன்றைய நிலையில் எழுதச் செய்யுங்கள். மூல ஆவணத்தின் விவரம் மாறிவிட்டது என்றால், அந்த மாற்றத்தையும் காரணத்தையும் ஒரு வாக்கியத்தில் பத்திரத்திலேயே குறிப்பிடுவது முறை. பிறகு, வரைவு தயாரானதும் கையெழுத்துக்கு முன்பே அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் காட்டி, எந்தத் தெருவின் மதிப்பை எடுப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கையெழுத்தாகி, தீர்வையும் கட்டிய பிறகு திருத்துவதை விட இது பல மடங்கு எளிது.

எல்லை சரியாக இருந்தும், உண்மையிலேயே விலை வழிகாட்டி மதிப்புக்குக் கீழே இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. அதிகமான மதிப்புக்குத் தீர்வை கட்டிப் பதிவு செய்யலாம். அல்லது உண்மை விலையைக் குறிப்பிட்டுப் பதிவு செய்து, முத்திரைச் சட்டத்தின் 47-அ பிரிவின்படி ஆவணத்தைத் தனித்துணை ஆட்சியர் (முத்திரை) விசாரணைக்கு அனுப்பக் கேட்கலாம். அவர் இடத்தைப் பார்த்து, உங்கள் தரப்பைக் கேட்டுச் சந்தை மதிப்பை முடிவு செய்வார். ஏற்க முடியாவிட்டால் பதிவுத்துறைத் தலைவரிடமும், பிறகு உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்யலாம். வழிகாட்டி மதிப்பு இறுதியான மதிப்பு அல்ல என்பதால் இந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஆனால் விசாரணை முடியும் வரை உங்கள் அசல் பத்திரம் கைக்கு வராது. வங்கிக் கடனில் வாங்குபவருக்கு அது பெரும் இடைஞ்சல், ஏனெனில் வங்கி பதிவான அசல் பத்திரத்துக்காகக் காத்திருக்கிறது. ஆகவே இடைவெளி 20,000, 30,000 ரூபாய் தீர்வைக்குள் அடங்குமானால், கடனில் வாங்குபவர்களிடம் அதைக் கட்டி முடித்துவிடுங்கள் என்றே நான் சொல்வது. பெரிய தொகையாக இருந்தால் மட்டும் 47-அ பக்கம் போகலாம். வழிகாட்டிப்படி வரும் மதிப்பு விலையை விடப் பத்து சதவீதத்துக்கும் மேல் அதிகமாகவும் வித்தியாசம் 50,000 ரூபாய்க்கு மேலும் இருந்தால், அந்த வித்தியாசம் வாங்குபவரின் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி வரும் என்பதையும் அப்போது கணக்கில் எடுக்க வேண்டும்.

பதிவு முடிந்து பத்திரம் கைக்கு வந்தபின்னும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. பதிவான நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள், மதிப்பு குறைத்துக் காட்டப்பட்டதாகத் தோன்றினால் அந்தத் தனித்துணை ஆட்சியர் தாமாகவே ஆவணத்தை எடுத்து விசாரிக்க முடியும். அன்று கேள்வி கேட்டால் காட்டுவதற்கு, இன்று நீங்கள் தளத்தில் பார்த்த வழிகாட்டி மதிப்பின் அச்சுப் பிரதி, கட்டடக் கணக்கின் நகல், பணம் கட்டிய ரசீதுகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

பணம் கட்டும் முறையிலும் கவனிக்க வேண்டியது உண்டு. கிரயச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் முத்திரைத் தீர்வை வாங்குபவர் பொறுப்பே என்கிறது சட்டம். எனவே 46 லட்சம் என்பது செலவு நீங்கலான விலை என்பதையும், பதிவுக்கான காலக்கெடுவையும் இப்போது எழுதப்போகும் கிரய ஒப்பந்தத்தில் சேருங்கள். முத்திரைத்தாளாகச் சிறிதளவும் மீதித் தீர்வையைப் பதிவுத்துறைத் தளத்தின் வழியே ஆன்லைனிலும் கட்டுவது வழக்கம். ஆனால் வங்கி கடனை அனுமதித்து, காசோலை எந்தத் தேதியில் வரும் என்று உறுதி செய்வதற்கு முன் பெரிய தொகைக்கு முத்திரைத்தாள் வாங்கிவிடாதீர்கள். விற்பனை நின்றுபோனால், பயன்படாத முத்திரைத்தாளை வாங்கிய 6 மாதங்களுக்குள் ஒப்படைத்தால்தான் பணம் திரும்பக் கிடைக்கும். அதிலும் ரூபாய்க்கு 10 காசு கழிக்கப்படும். 3 லட்சம் ரூபாய்க்கு அது 30,000 ரூபாய்.

பத்திரம் கையெழுத்தான நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கமாகக் கையெழுத்தும் பதிவும் ஒரே நாளில் நடப்பதால் இது உங்களுக்குச் சிக்கலாகாது. அன்று வாங்குபவர், விற்பவர், இரு சாட்சிகள் ஆகியோர் அசல் அடையாளச் சான்றுகளோடு வர வேண்டும். அலுவலகத்தில் நிழற்படமும் கைரேகையும் எடுப்பார்கள். பத்திரத்தின் கிரயத் தொகைப் பகுதியில் முன்பணம், வங்கிக் காசோலை, மீதித் தொகை ஒவ்வொன்றும் தேதி, எண், வங்கி ஆகியவற்றோடு எழுதப்பட்டிருக்கிறதா, அவற்றைக் கூட்டினால் 46,00,000 வருகிறதா என்று கையெழுத்துக்கு முன் ஒருமுறை நீங்களே கூட்டிப் பாருங்கள். விலை 50 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் விற்பவருக்காக ஒரு சதவீத வரிப் பிடித்தம் செய்யும் கடமை உங்களுக்கு இல்லை.

வங்கிக்கு அசல் பத்திரத்தை ஒப்படைக்கும்போது எழுதப்படும் உரிமை ஆவண ஒப்படைப்புப் பத்திரத்துக்கும் தனித் தீர்வையும் கட்டணமும் உண்டு. அது இந்த 9 சதவீதத்தில் சேராது. அந்தத் தொகையை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் 13 லட்சத்துக்கும் தேவைப்படும் 13,34,000-க்கும் இடையில் ஏற்கெனவே 34,000 ரூபாய் குறைகிறது. இந்த ஒப்படைப்புச் செலவும் பத்திர எழுத்தர் கூலியும் அதற்கு மேல். ஒப்பந்தம் எழுதி முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கூடுதலாக ஒரு லட்சம் ரூபாய்க்கு வழி செய்துகொண்டு, அதன் பிறகு தேதி குறியுங்கள்.